ஓட்டல் பயிற்சிக் கடிதத்தை எப்படிப் படிப்பது?

ஓட்டல் மேனேஜ்மென்ட் மாணவர்கள் படிப்பின் நடுவே சில மாதங்கள் ஏதாவது ஓர் ஓட்டலில் பயிற்சி எடுத்தாக வேண்டும். அதற்கு முன் ஓட்டலின் மனிதவளத் துறையிலிருந்து ஒரு பக்கமோ ஒன்றரைப் பக்கமோ கடிதம் வரும். பெரும்பாலான மாணவர்கள் அதில் ஓட்டலின் பெயரையும் உதவித்தொகையையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த சில மாதங்கள் எப்படிப் போகும் என்பது மற்ற வரிகளில்தான் இருக்கிறது.

முதலில் வேலை. ஓட்டலில் முக்கியமான துறைகள் நான்கு: சமையலறை, உணவு பரிமாறல், ஹவுஸ்கீப்பிங், ஃப்ரண்ட் ஆபீஸ். பதினாறு வாரப் பயிற்சி என்றால் துறைக்கு நான்கு வாரம் என்று பிரித்து, எந்தத் தேதியில் எங்கே மாற்றம் என்றும் எழுதியிருப்பது நல்ல கடிதம். ‘நிர்வாகத்தின் தேவைக்கேற்பப் பணி ஒதுக்கப்படும்’ என்று மட்டும் இருந்தால் கவனம் தேவை. முகூர்த்த மாதங்களில் பேங்குவெட் ஹாலுக்கு ஆள் போதாது. சமையலறைக்கு வந்த மாணவர் அந்த ஹாலில் தட்டு எடுத்தே நான்கு வாரத்தையும் கழித்துவிடுவார். ஒருசில நாள் அப்படிப் போவது இந்தத் தொழிலில் சகஜம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கொரு வரம்பு கடிதத்தில் இருக்க வேண்டும்.

நேரம் பற்றிய வரிதான் அதிகம் ஏமாற்றுவது. ‘ஒரு மணி நேர இடைவேளை உட்பட நாளுக்கு ஒன்பது மணி நேரம், வாரம் ஒருநாள் விடுப்பு’ என்று படிக்கும்போது காலையில் போய் மாலையில் திரும்பும் வேலையாகத் தோன்றும். உணவகத்தில் பிரேக் ஷிப்ட் என்று ஒன்று உண்டு. பகல் 11 முதல் 3 வரை, பிறகு இரவு 7 முதல் 11 வரை. கணக்குக்கு எட்டு மணி நேரம்தான், ஆனால் முழு நாளும் அதிலேயே போய்விடும். தாம்பரத்தில் அறை எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் பயிற்சிக்கு வரும் மாணவர் இடையிலுள்ள நான்கு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்த் திரும்பினால் ஓய்வில் பாதி பயணத்திலேயே கரையும். ஆகவே பிரேக் ஷிப்ட் உண்டா, இடையில் படுக்க ஓய்வறை தருவார்களா, இரவு பதினொன்றுக்குப் பிறகு வண்டி உண்டா என்ற மூன்றையும் கேட்க வேண்டும். ஃப்ரண்ட் ஆபீஸில் இரவு ஷிப்ட் இருந்தால் மறுநாள் எப்போது வர வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விருந்து முடியத் தாமதமானால் கூடுதல் நேரத்துக்குப் பதில் விடுப்பு கிடைக்குமா என்பதைக் கடிதம் பெரும்பாலும் சொல்வதில்லை.

உதவித்தொகை சம்பளம் அல்ல. அதனால்தான் அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது முக்கியமாகிறது. மாதம் 5,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலில் நான்கு நாள் வரமுடியவில்லை. 26 வேலைநாளால் வகுத்தால் நாளுக்கு 200 வீதம் 800 ரூபாய் போகும். 30 நாளால் வகுத்தால் 693 ரூபாய்தான். ஷிப்ட்டில் சாப்பாடு இலவசமா, சீருடையும் சலவையும் யார் பொறுப்பு, தங்க இடம் கொடுத்தால் அதற்குப் பிடித்தம் உண்டா? இவை தெரிந்த பிறகுதான் கைக்கு வரும் தொகை தெரியும். அறை வாடகையை மாணவரே கொடுக்கும் ஊரில் 5,200 ரூபாயைவிட, தங்குமிடத்தோடு வரும் 3,000 ரூபாய் லாபமாக இருக்கலாம்.

கற்றல் நோக்கம் என்ற பத்தியைப் பலர் அலங்காரமாக எழுதுகிறார்கள். ‘சமையலறைச் செயல்பாடுகளை அறிதல்’ என்றால் நின்று வேடிக்கை பார்த்தாலும் போதும். ‘இரண்டாம் வாரத்துக்குள் காய்கறி வெட்டு முறைகளைத் துணையின்றிச் செய்தல், நான்காம் வாரத்துக்குள் அடிப்படை சாஸ்களைத் தயாரித்தல்’ என்றிருந்தால் நடந்ததா இல்லையா என்று சோதிக்கலாம். ஹவுஸ்கீப்பிங்கில் அதுபோல, விருந்தினர் காலி செய்த அறையைத் தனியாகத் தயார் செய்து சூப்பர்வைசரின் சரிபார்ப்பில் தேறுதல். ஒவ்வொரு துறைக்கும் பொறுப்பாளர் யார், லாக் புக்கில் வாரந்தோறும் கையெழுத்திடுவது யார் என்பதும் இருந்தால் கடிதம் முழுமை பெறும். கையெழுத்துகளைக் கடைசி வாரத்தில் மொத்தமாகத் தேடும்போது சமையலறை செஃப் வேறு ஊருக்கு மாறிப் போயிருப்பார்.

விடுபட்டவற்றை வாய்மொழியாகக் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பயிற்சி மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், கல்லூரியின் பயிற்சிப் பொறுப்பாசிரியருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பதில் வந்த பிறகு கையெழுத்திடுங்கள்.