கோப்புப் பெயரில் ஓர் இடைவெளி

லினக்ஸ், மேக் கணினிகளில் தட்டச்சு செய்யும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். அடிக்கடி செய்யும் வேலைக்கான கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் அது ஷெல் ஸ்கிரிப்ட். ஒரு கட்டளை எங்கே முடிகிறது, அதற்குத் தரும் கோப்புப் பெயர் எங்கே தொடங்குகிறது என்பதை ஷெல் இடைவெளியை வைத்தே அறிகிறது. கோப்பின் பெயருக்குள்ளும் இடைவெளி வரலாம் என்பதால்தான் சிக்கல் எழுகிறது. ஒரு சிறு ஸ்கிரிப்ட்:

```
f="வரவு செலவு.txt"
rm $f
```

முதல் வரி கோப்பின் பெயரை `f` என்ற மாறியில் வைக்கிறது. மேற்கோள்குறி இருப்பதால் பெயர் முழுதாகவே சேமிக்கப்படுகிறது. இரண்டாவது வரியில்தான் தவறு இருக்கிறது. அங்கே ஷெல் முதலில் `$f` இருந்த இடத்தில் மாறியின் மதிப்பை வைக்கிறது. பிறகு அந்த மதிப்பை இடைவெளி, டேப், புதுவரி ஆகியவை வரும் இடங்களில் துண்டு போடுகிறது. துண்டுகளில் `*` போன்ற குறிகள் இருந்தால், பொருந்தும் கோப்புகளின் பெயர்களாக அவற்றை விரிக்கிறது. இவ்வளவும் முடிந்த பின்புதான் `rm` இயங்குகிறது. அதன் கைக்கு வருவது ஒரு பெயர் அல்ல; `வரவு`, `செலவு.txt` என இரண்டு பெயர்கள். அப்படிக் கோப்புகள் இல்லையென்றால் பிழைச் செய்தி வரும். `வரவு` என்ற பெயரில் வேறொரு கோப்பு இருந்துவிட்டால் அது அழிந்துபோகும்.

2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் மேக் ஓஎஸ் எக்ஸுக்கு வெளியிட்ட ஐடியூன்ஸ் 2.0 இப்படித்தான் சிக்கியது. பழைய பதிப்பை அழித்துவிட்டுப் புதியதை வைக்க, நிறுவும் ஸ்கிரிப்ட்டில் `rm -rf` கட்டளை இருந்தது. வட்டின் பெயரைத் தாங்கிய மாறிக்கு மேற்கோள்குறி இடப்படவில்லை. பெயரில் இடைவெளி உள்ள வட்டுகளை வைத்திருந்த சிலர் தங்கள் தரவை இழந்தனர். ஆப்பிள் அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்று 2.0.1-ஐ வெளியிட்டது.

இத்தகைய தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு கணினியில் `Backup`, `Backup 2` என்ற இரண்டு வட்டுகள் இருப்பதாக வைத்துப் பார்க்கலாம். மாறியில் இருப்பது `/Volumes/Backup 2`. அழிக்க வேண்டியது அதனுள் உள்ள ஒரு பழைய செயலி மட்டுமே. மேற்கோள்குறி இல்லாததால் பாதை இரண்டாக உடைந்து, கட்டளை இப்படி இயங்கும்:

```
rm -rf /Volumes/Backup 2/Applications/iTunes.app
```

முதல் துண்டு, தொடர்பே இல்லாத `Backup` வட்டு முழுவதையும் குறிக்கிறது. இரண்டாவது துண்டு குறிக்கும் பாதையே இல்லை. ஆனாலும் `-f` இருப்பதால் `rm` அதைப் பற்றி முறையிடாது.

மாறியை இரட்டை மேற்கோள்குறிக்குள் வைப்பதே தீர்வு:

```
rm -- "$f"
```

இரட்டை மேற்கோளுக்குள் மாறியின் மதிப்பு நிரப்பப்படும். துண்டு போடுவதும் `*` விரிவதும் நடக்காது. ஒற்றை மேற்கோள் இங்கே பயன்படாது; `'$f'` என்றால் அந்த இரு எழுத்துகளே பெயராகிவிடும். மதிப்புக்குள்ளேயே மேற்கோள்குறிகளைச் சேர்த்து வைப்பதும் வீண். ஸ்கிரிப்ட்டில் எழுதப்பட்டிருக்கும் மேற்கோள்களை ஷெல் முன்னதாகவே கவனித்து முடித்துவிடும். மாறியிலிருந்து பின்னால் வருபவை அதற்கு வெறும் எழுத்துகள்தான். கோடு `-` கொண்டு தொடங்கும் பெயரை `rm` ஒரு விருப்பத்தேர்வாக எடுத்துக்கொள்ளும் என்பதால் `--` தனியாகத் தேவைப்படுகிறது. அந்த ஆபத்தை மேற்கோள்குறி தடுக்காது.

பல கோப்புகளைச் சுற்றிவரும்போதும் இதே கவனம் வேண்டும். `for f in $(ls)` என்று எழுதினால் `ls` தரும் பட்டியல் முழுவதும் இடைவெளிகளில் துண்டாகும். உள்ளே `"$f"` என்று எழுதினாலும் பெயர்கள் அதற்கு முன்பே உடைந்திருக்கும். சரியான வடிவம் இது:

```
for f in ./*.txt; do
  cp -- "$f" "$dest/"
done
```

`./*.txt` கடைசிக் கட்டத்தில் விரிவதால் ஒவ்வொரு பெயரும் முழுதாகவே வரும். ஸ்கிரிப்ட்டுக்குத் தரப்படும் பெயர்கள் அனைத்தையும் வேறொரு கட்டளைக்கு அனுப்ப `"$@"` என்று எழுத வேண்டும். `$*` என்று எழுதினால் அவை மறுபடியும் துண்டாகும்.

சந்தேகம் வந்தால் `rm`-க்குப் பதில் `printf '[%s]\n' $f` என்று போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு துண்டும் தனி அடைப்புக்குள் அச்சாகும்; ஒரே கோப்புக்கு இரண்டு அடைப்புகள் வந்தால் பெயர் உடைகிறது என்று பொருள். `shellcheck` என்ற கருவி ஸ்கிரிப்ட்டை இயக்காமலே படித்து, மேற்கோள் விடுபட்ட மாறிகளை `SC2086` என்ற எண்ணுடன் சுட்டிக்காட்டும்.