ராத்திரி ஆனால் கண்ணடிக்கும் கேமரா... கோழிப்பண்ணையில் கோளாறு எங்கே?

பகல் முழுக்க படம் பளிச்சென்று இருக்கும். பொழுது சாய்ந்ததும் திரை கறுக்கும், மறுபடி வரும், மறுபடி போகும். பல்லடம் பக்கத்தில் பிராய்லர் பண்ணை வைத்திருக்கும் ஒருவர், இதற்காகவே இரண்டு கேமராவை மாற்றிவிட்டார். ``புதுசு மாட்டியும் அதே கதைதானுங்க. ராத்திரி ஆனா கண்ணடிக்குது" என்கிறார்.

கோளாறு கேமராவில் இல்லை, ஒயரில்!

வீட்டிலிருந்து அவருடைய ஷெட் 120 மீட்டர். 12 வோல்ட் அடாப்டரை வீட்டிலேயே செருகி, மெல்லிய ஒயரில் கரன்ட்டை இழுத்திருந்தார்கள். போகவும் வரவும் சேர்த்தால் கரன்ட் 240 மீட்டர் பயணிக்க வேண்டும். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றால், அதன் மின்தடை 8 ஓமைத் தாண்டும். பகலில் கேமரா சுமார் கால் ஆம்பியர்தான் எடுக்கும். வழியில் 2 வோல்ட் போனாலும் சமாளித்துக்கொள்ளும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரியும், தேவை அரை ஆம்பியராகும். இப்போது 4 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்து, கேமராவுக்கு 8 வோல்ட்கூட வராது. அது அணைந்துவிடும். அணைந்ததும் சுமை குறைவதால் வோல்ட்டேஜ் ஏறும், கேமரா உயிர்பெறும், விளக்கு எரியும், மறுபடி அணையும்.

``நாங்களும் மீட்டர் வெச்சுப் பார்த்தோமுங்க, 12 காட்டுச்சு" என்கிறார் அவர். கேமராவைக் கழற்றிவிட்டு அளந்தால் அப்படித்தான் காட்டும். கரன்ட் ஓடாதபோது ஒயரில் இழப்பே இருக்காது. கேமரா இணைப்பில் இருக்க, இரவில், கேமரா முனையில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

இதற்குத் தீர்வு, நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் `பி.ஓ.இ' முறை. அதில் சுமார் 48 வோல்ட் போவதால், அதே கேமராவுக்கு மிகக் குறைந்த ஆம்பியர் போதும். இழப்பு 1 வோல்ட் அளவில் நின்றுவிடும். ஆனால், நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதனால் இந்தப் பண்ணையில் வீட்டிலிருந்து ஷெட்டின் கன்ட்ரோல் ரூம் வரை ஃபைபர் கேபிள் போட்டு, அங்கே பி.ஓ.இ ஸ்விட்ச் வைத்து, அதிலிருந்து 30 மீட்டர் மட்டும் கேட்-6 கேபிள் இழுத்தார்கள். மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்களில் அலுமினியக் கம்பிமேல் செம்பு பூசியிருப்பார்கள். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது வேண்டாம்.

அடுத்த வில்லன், காற்று. ஆழ்கூளம் ஈரமானால் எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பும். அது செம்பை அரிக்கும். டப்பாவில் `ஐ.பி.67' என்று போட்டிருக்கிறதே என்றால், அந்த எண் தூசியையும் தண்ணீரையும் பற்றி மட்டுமே பேசுகிறது. அமோனியாவைப் பற்றி அல்ல. பெரும்பாலும் முதலில் போவது லென்ஸ் அல்ல, கேமராவின் வாலில் தொங்கும் இணைப்பு முனை. படம் விட்டு விட்டு வந்தால், அதைக் கழற்றிப் பாருங்கள். ஊசிகளில் பச்சையோ நீலமோ படிந்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. முனையை வெட்டிப் புதிதாகப் போட்டு, மூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து, கேபிளை அடிப்பக்கமாக, ரப்பர் வளையமுள்ள கிளாண்ட் வழியே நுழைக்க வேண்டும்.

இடமும் முக்கியம். மூடிய ஈ.சி. ஷெட்டில் காற்று கூலிங் பேடு பக்கம் நுழைந்து, ஃபேன் பக்கம் வெளியேறும். தூசியும் அமோனியாவும் சேர்ந்து வந்து குவிவது ஃபேன் பக்கம்தான். கேமராவை பேடு பக்கம், ஈரம் நேரடியாகப் படாதபடி சற்று உள்ளே தள்ளி மாட்டி, ஃபேன்களைப் பார்க்கவிடலாம். அப்படியும் இரவில் படம் வெள்ளைப் புகைபோல் தெரிந்தால், கண்ணாடியில் தூசியோ சிலந்திவலையோ இருக்கிறது. விளக்கொளி அதில் பட்டுத் திரும்புகிறது. ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் போதும். உலர்ந்த துணி கண்ணாடியைக் கீறிவிடும். கோழி பிடித்தபின் ஷெட்டைக் கழுவி, ஃபார்மலின் புகை போடும் நாளில் கேமராவைக் கழற்றி வைப்பதே நல்லது.

கடைசியாக, கரன்ட் கட். கோடையில் ஃபேன் நின்ற மூடிய ஷெட்டில் கோழிகள் நிமிடக்கணக்கில் சாகத் தொடங்கும். கேமரா மிக அவசியமான நேரமே அதுதான். பலரும் ரௌட்டருக்கு மட்டும் சின்ன யு.பி.எஸ் வைத்துவிட்டு நிம்மதியாகிறார்கள். கேமரா, ஸ்விட்ச், ரெக்கார்டர், ரௌட்டர் நான்கில் ஒன்று அணைந்தாலும் செல்போனில் படம் வராது.

4 கேமராவுக்கு 24 வாட், ஸ்விட்ச், ரெக்கார்டர், ரௌட்டருக்கு சுமார் 30 வாட் என்று வைத்தால் மொத்தம் 54. 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினாலே அதிகம். 150 ஆம்பியர்-அவர் இன்வெர்ட்டர் பேட்டரி, பாதியைத்தான் பயன்படுத்துவதாகக் கணக்கிட்டாலும், இரவு முழுக்கத் தாக்குப்பிடிக்கும்.

அப்படியும் ஒரு குறை இருக்கிறது. இரவு 2 மணிக்கு செல்போன் திரையை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ``அதனால கரன்ட் போனா அலறுற சைரன் ஒண்ணு தனியா வெச்சுட்டேனுங்க. சத்தம் கேட்டதும் எந்திரிச்சு, ஜெனரேட்டர் எடுத்துச்சா, ஃபேன் சுத்துதான்னு கேமராவுல பார்ப்பேன்" என்கிறார் பண்ணைக்காரர். சைரனின் பேட்டரியை மாதம் ஒருமுறை, மெயினை அணைத்து அவரே சோதிக்கிறார்.