செல்போனில் எழுத்துக்குப் பதில் காலிக் கட்டம் வருவது ஏன்?

சந்தேகங்களும் விளக்கங்களும்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பகுதிகளில் பிள்ளைகள் கொடுத்த பழைய செல்போனைப் பயன்படுத்தும் பெரியவர்கள் பலர். அவர்களுக்கு வரும் குறுஞ்செய்திகளில் சில இடங்களில் வெறும் கட்டங்கள் தெரிகின்றன. இது குறித்த சந்தேகங்களுக்கு விளக்கம்:

கட்டம் வந்தால் போனில் வைரஸ் புகுந்துவிட்டதா?

இல்லை. இமோஜியை அனுப்பும்போது படம் போவதில்லை. அதற்கு யூனிகோடு அமைப்பு கொடுத்த எண் மட்டுமே போகிறது. இளஞ்சிவப்பு இதயத்தின் எண் U+1FA77. அந்த எண்ணுக்குரிய படத்தைப் பெறுபவரின் போன் தன் எழுத்துருவில் தேடும். அங்கே இல்லையென்றால் கட்டத்தைக் காட்டும். சில ஐபோன்களில் கட்டத்துக்குள் கேள்விக்குறி இருக்கும். இந்த இதயம் 2022 செப்டம்பரில் யூனிகோடில் சேர்ந்தது. ஐபோனுக்கு 2023 மார்ச்சில், ஐஓஎஸ் 16.4 அப்டேட்டில்தான் வந்தது. அதைத் தவறவிட்ட போனில் இன்றும் கட்டம்தான்.

செய்தி அழிந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்தச் செய்தியைப் புதிய போன் ஒன்றுக்கு ஃபார்வர்டு செய்து பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் எண் பத்திரமாக இருக்கிறது; குறை உங்கள் போனின் எழுத்துருவில்தான். அங்கேயும் வெறும் கேள்விக்குறிகளே வந்தால், எழுத்து வழியிலேயே தொலைந்திருக்கிறது. அதை அப்டேட்டால் மீட்க முடியாது.

வாட்ஸ்அப்பில் தெரியும் இமோஜி, எஸ்எம்எஸ்ஸில் கட்டமாவது ஏன்?

ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப் தன் இமோஜிப் படங்களைத் தானே வைத்திருக்கிறது. செயலியை அப்டேட் செய்தாலே புதியவை வந்துவிடும். எஸ்எம்எஸ் செயலிகள் பெரும்பாலும் போனின் எழுத்துருவையே நம்பியிருக்கின்றன.

தமிழ் எழுத்துக்கும் இப்படி ஆகுமா?

அன்றாடம் எழுதும் தமிழுக்கு இப்போதைய போன்களில் சிக்கல் இல்லை. ஆனால் பழைய கணக்குகளில் வரும் முந்திரி (1/320) போன்ற பின்னக் குறிகள் 2019 மார்ச்சில்தான் யூனிகோடில் சேர்ந்தன. முந்திரியின் எண் U+11FC0. பழைய பத்திரத்தைத் தட்டச்சு செய்து அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டும்: பின்னக் குறிகள் இமோஜி அல்ல என்பதால், வாட்ஸ்அப்பிலும் போனின் எழுத்துருவில் இருந்தால்தான் தெரியும்.

ரூபாய்க் குறிக்கும் இதே நிலை இருந்தது. தமிழகத்தைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த ₹ குறியை மத்திய அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அக்டோபரில் யூனிகோடில் சேர்ந்தது. எழுத்துரு புதுப்பிக்கப்படாத கணினிகளில் அதன் பிறகும் கட்டமாகவே தெரிந்தது.

என்ன செய்யலாம்?

செட்டிங்ஸில் சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மாடலுக்கு நிறுவனம் அப்டேட்டை நிறுத்தியிருந்தால், செயலிகளையாவது பிளே ஸ்டோரில் புதுப்பியுங்கள். இமோஜி எழுத்துரு தருவதாகச் சொல்லி வரும் லிங்க்கிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். அனுப்புகிறவர்கள் நேரம், தொகை, நில அளவு ஆகியவற்றைக் குறியாகப் போடாமல் சாதாரண எழுத்திலும் எண்ணிலும் எழுதுங்கள்.