கையிலேயே இருந்த கல்

கடந்த தவணை விடுமுறையில் நான் ஒரு துப்பறியும் கதை எழுதி, தோழியிடம் வாசிக்கக் கொடுத்தேன். முடித்துவிட்டு, "இவன்தான் கள்ளன் என்று எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?" என்று கேட்டாள். பதில் இல்லை. கள்ளனைக் காட்டும் ஒரு வரிகூட முன்னைய அத்தியாயங்களில் இல்லை. கடைசிப் பக்கத்தில் நான் சொன்னதை அவள் நம்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு அகதா கிறிஸ்டியின் 'த மேர்டர் அற் த விக்கரேஜ்' நாவலை இரண்டாம் தடவை வாசித்தேன். 1930இல் வெளிவந்த அதுதான் மிஸ் மார்ப்பிள் வரும் முதல் நாவல். அவர் பொலிஸும் அல்ல, தொழில்முறைத் துப்பறிவாளரும் அல்ல. ஒரு சிறு ஆங்கிலக் கிராமத்தில் தோட்டம் பராமரித்து, வேலிக்கு அப்பால் நடப்பதையெல்லாம் கவனிக்கும் முதிய பெண்மணி. இனி வருவதில் கதையின் முடிவும் இருக்கிறது. வாசிக்காதவர்கள் முதலில் நாவலை வாசித்துவிட்டு வரலாம்.

கிராமத்துப் பாதிரியாரின் வாசிப்பறையில் கேணல் புரொதரோ சுடப்பட்டு இறக்கிறார். கொலைக்குப் பிறகு ஒருநாள், பாதிரியார் காட்டுப் பக்கமாகப் போகையில் லோரன்ஸ் என்ற ஓவியனைச் சந்திக்கிறார். அவன் கையில் பெரிய கல். இது துப்பு ஒன்றுமில்லை, மிஸ் மார்ப்பிளின் ஜப்பானியத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் அன்பளிப்பு என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். நாமும் சிரித்துவிட்டுக் கடந்து போகிறோம்.

உண்மையில் அந்தக் கல்தான் விடை. கொலை முன்னரே சத்தமில்லாமல் நடந்துவிட்டது. பிறகு காட்டில், பிக்ரிக் அமிலப் பளிங்குகள் மீது கல் ஒன்றை விழச்செய்து துப்பாக்கி வெடித்தது போன்ற ஓசையை உண்டாக்கினார்கள். அந்நேரம் குற்றவாளிகள் இருவரும் பிறர் கண்முன் நின்றார்கள். பின்னர் அந்தக் கல்லை அப்புறப்படுத்த வந்தவனைத்தான் பாதிரியார் கண்டார். அது தன் தோட்டத்துக்குப் பொருந்தாத வகைக் கல் என்பது மிஸ் மார்ப்பிளுக்கு உறுத்துகிறது. அதிலிருந்துதான் அவர் வழி கண்டுபிடிக்கிறார்.

துப்பு ஒளிக்கப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது பகிரங்கமாக ஒருவன் கையில் இருக்கிறது. ஆனால், அங்கே இருப்பதற்கு அதற்கு வேறொரு இயல்பான காரணம் கொடுக்கப்பட்டிருக்கிறது. காரணம் இருப்பதால் நாம் கேள்வி கேட்பதில்லை. அந்தக் காரணத்தைப் பொய்யென்று அறியத் தோட்டக்கலை தெரிந்த ஒருவர் வேண்டும். அதனால்தான் இந்த வழக்குக் கிராமத்துப் பெண்மணிக்குரியதாகிறது.

போலித் துப்புக்கும் அதே நாவலில் உதாரணம் உண்டு. அகழ்வாராய்ச்சிக்கென ஊருக்கு வந்திருக்கும் கலாநிதி ஸ்ரோன் மீது சந்தேகம் விழுகிறது. காட்டில் ஒளித்துவைத்த ஒரு பெட்டியும் அகப்படுகிறது. அதற்குள் இருப்பவை கேணல் வீட்டு வெள்ளிப் பொருட்கள். ஸ்ரோன் ஆராய்ச்சியாளனே அல்ல, திருடன். ஆனால் கொலைகாரன் அல்ல. பெட்டிக்குப் பின்னால் உண்மையான ஒரு குற்றம் இருப்பதால், வழி தவறிய வாசகருக்கு ஏமாற்றப்பட்ட எண்ணம் வருவதில்லை. அவர் ஒரு மர்மத்தைச் சரியாகவே மணந்தார். அது வேறு மர்மம். காரணமே இல்லாமல் இருட்டில் யாரையாவது நடக்கவிட்டுப் பின்னர் அவரை மறந்துவிடுவது போலித் துப்பல்ல, வாசகருக்குச் செய்யும் அநியாயம்.

இதை நம் கரைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். பத்து அத்தியாயக் கதை. துப்பறிபவர் மீன் காயவைக்கும் ஒரு மாமி. 'அன்றிரவு முழுக்கக் கடலில் வலை போட்டேன்' என்று ஒருவன் ஆறாம் அத்தியாயத்தில் பொய் சொல்லப் போகிறான். அதற்கான துப்பை இரண்டாம் அத்தியாயத்திலேயே விதைக்க வேண்டும். விடியற்காலையில், அவன் வேலியில் தொங்கும் வலைக்குள் ஒரு சிறுவன் பாடசாலை வெள்ளைச் சட்டையோடு புகுந்து விளையாடுகிறான். சட்டையில் மண் பட்டதற்குத் தாய் ஏசுகிறாள். நாம் ஏச்சைக் கேட்கிறோம். சட்டை நனையவில்லை என்பதைக் கவனிப்பதில்லை. மாமி கவனிக்கிறார். நாலாம் அத்தியாயத்தில், இரவில் தனியே கடற்கரைக்குப் போகும் இளைஞன் மீது சந்தேகம் எழட்டும். எட்டாம் அத்தியாயத்தில், வீட்டை ஈடு வைத்த செய்தியைக் கட்டாரிலுள்ள நானாவிடம் யாரும் கேளாமல் தொலைபேசியில் சொல்லத்தான் அவன் போனான் என்று தெளியட்டும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை இருக்கிறது. ஏழாம் அத்தியாயம் வரை மட்டும் தோழிக்குக் கொடுத்து, யார்மீது ஏன் சந்தேகம் என்று எழுதித்தரச் சொல்லுங்கள். நனையாத சட்டையைச் சொல்லி அவனையே பிடித்துவிட்டால், துப்பு அதிகம் வெளிச்சத்தில் நிற்கிறது. தாயின் ஏச்சை இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள். முழுவதும் வாசித்த பிறகும் அவளால் அந்த இரண்டாம் அத்தியாய வரியைத் தேடிக் காட்ட முடியாவிட்டால், அது ஆழத்தில் புதைந்துவிட்டது. "அட, இது அங்கேயே இருந்ததே!" என்று அவள் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டினால் கதை சரி.

என் கதையை இப்போது இரண்டாம் அத்தியாயத்திலிருந்து திருத்திக்கொண்டிருக்கிறேன். அதே தோழிதான் மறுபடியும் வாசிக்கப் போகிறாள்.