வெளிநாட்டுப் பள்ளிக்குப் போகும் ரேங்க் கார்டு

தமிழ்வழியில் படிக்கும் பிள்ளையோடு வெளிநாடு கிளம்பும் குடும்பங்கள், பிறப்புச் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதில் பெரிதாகத் திண்டாடுவதில்லை. அவை அச்சடித்த படிவங்கள். பெயர், தேதி, எண் ஆகியவற்றைச் சரியாக எழுதினால் வேலை முடிந்துவிடும். சிக்கல் வருவது முன்னேற்ற அறிக்கையில்தான். அதிலும் மதிப்பெண்களில் அல்ல, வகுப்பாசிரியர் கையால் எழுதும் குறிப்புகளில். அவற்றை எழுதும்போது ஆசிரியர் மனத்தில் இருப்பவர், மாலையில் கையெழுத்துப் போட்டு அனுப்பப்போகும் அப்பாவோ அம்மாவோதான். கடல் கடந்த ஒரு பள்ளியில் சேர்க்கையைக் கவனிப்பவர் அதைப் படிப்பார் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். திருநெல்வேலிப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடித்த ஒரு சிறுமி. அப்பாவுக்கு மெல்போர்னில் வேலை கிடைத்திருக்கிறது. தமிழில் 88, ஆங்கிலத்தில் 61, கணக்கில் 47. காலாண்டுத் தேர்வுக்குப் பின் ஆசிரியர் எழுதியது: 'கணக்கில் தனிக் கவனம் தேவை.' அரையாண்டில்: 'சுமார். முயன்றால் முடியும்.' முழு ஆண்டில்: 'நன்று. அமைதியானவள்.' மொத்தம் பத்துச் சொற்கள்கூட இல்லை.

முதல் குறிப்பைப் பலரும் 'நீட்ஸ் ஸ்பெஷல் அட்டென்ஷன் இன் மேத்ஸ்' என்று பெயர்த்துவிடுவார்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் ஆங்கிலம் பேசும் நாடுகளின் பள்ளிகளில் 'ஸ்பெஷல்', 'நீட்ஸ்' என்ற சொற்கள் சேர்ந்து வந்தால், கற்றல் குறைபாடோ உடற்குறையோ உள்ள பிள்ளைக்குத் தர வேண்டிய தனி ஏற்பாடுகளே படிப்பவர் நினைவுக்கு வரும். மருத்துவ அறிக்கை இருக்கிறதா, முன்பு என்ன உதவி தரப்பட்டது என்று பெற்றோருக்குக் கடிதம் வரலாம். நம் ஆசிரியர் சொன்னதோ, 'வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்' என்பதுதான். இங்கே 'ஷுட் கிவ் மோர் அட்டென்ஷன் டு மேத்ஸ்' என்பது பொருளுக்கு நெருக்கமாக வரும். கவனம் செலுத்த வேண்டியவர் மாணவி என்பது அதில் தெளிவாகிவிடுகிறது. தமிழ்க் குறிப்பில் எழுவாய் இல்லாததால், யாருடைய கவனம் என்பதை மொழிபெயர்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஐயம் இருந்தால் ஆசிரியரைக் கேட்டுவிடுவதே முறை.

இதைவிடக் கனமானது 'மெல்லக் கற்பவர்' என்ற சொல். நம் பள்ளிகளில் இது அன்றாடம் புழங்குகிறது. தேர்ச்சிக்கு வேண்டிய 35 மதிப்பெண்ணைத் தொடத் திணறுபவர்களுக்குச் சிறப்பு வகுப்பு வைக்கவும், கையேடு கொடுக்கவும் பிரிக்கும் பட்டியலுக்கு அந்தப் பெயர். 'ஸ்லோ லேர்னர்' என்று ஆங்கிலத்தில் போனால் பிள்ளையின் அறிவுத்திறனைப் பற்றிய தீர்ப்பாகவே அது படிக்கப்படும். அதற்காக அந்தக் குறிப்பை விட்டுவிடுவதோ, 'கடினமாக உழைக்கிறார்' என்று மாற்றி எழுதுவதோ பொய்யாகும். உள்ளபடி பெயர்த்துவிட்டு, கீழே 'மொழிபெயர்ப்பாளர் குறிப்பு' என்ற தலைப்பில், இது கூடுதல் பயிற்சி பெறும் மாணவர்களைக் குறிக்கத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வழங்கும் சொல், மருத்துவ மதிப்பீடு அல்ல என்று ஒரு வரி சேர்க்கலாம். விளக்கம் ஆசிரியரின் வரிக்குள் நுழையாமல் தனியே நிற்க வேண்டும். பிள்ளைக்கு உண்மையிலேயே கற்றல் சிரமம் இருந்தால் அதை மறைப்பது பெருங்கேடு. புதிய பள்ளி தரக்கூடிய உதவி அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமலே போய்விடும்.

இரண்டாவது குறிப்பின் 'சுமார்' எதிர்த்திசையில் ஏமாற்றும். 'ஆவரேஜ்' என்று எழுதினால், வகுப்புக்கு ஏற்ற நடுநிலையில் பிள்ளை இருக்கிறாள் என்று அங்கே எடுத்துக்கொள்வார்கள். ரேங்க் கார்டில் சுமார் என்று எழுதும் ஆசிரியர் அவ்வளவு நிறைவோடு எழுதுவதில்லை. 'ஃபேர்' பொருத்தமாக இருக்கும். 'நன்று' என்பது 'குட்' மட்டுமே. 'எக்ஸலண்ட்' என்று போடச் சொல்லிப் பெற்றோர் கேட்பது உண்டு, அதற்கு இணங்கக் கூடாது. பக்கத்திலேயே 47 என்ற எண் நிற்கும்போது உயர்த்திய சொல் உடனே உறுத்தும், மொத்த மொழிபெயர்ப்பின் மீதும் நம்பிக்கை போய்விடும். 'அமைதியானவள்' நம்மூரில் பாராட்டு. வெறும் 'கொயட்' என்றால் வகுப்பில் வாய் திறக்கத் தயங்குபவள் என்று படிக்க இடமுண்டு. 'காம்' என்றால் அந்த ஐயம் குறையும்.

குறிப்புகளைச் சுற்றியுள்ளவையும் முழுமையாக வர வேண்டும். பள்ளி முத்திரை, தலைமையாசிரியர் கையொப்பம், பெற்றோர் கையொப்பம் ஆகியவை இருக்கும் இடங்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் சொல்ல வேண்டும். மை கலைந்து படிக்க முடியாத சொல்லை ஊகித்து நிரப்பாமல், 'படிக்க இயலவில்லை' என்றே குறிக்க வேண்டும். மதிப்பெண்ணை அந்த நாட்டுத் தரக்குறியீடாக மாற்றுவது மொழிபெயர்ப்பவர் வேலை அல்ல. நூற்றுக்கு 47, தேர்ச்சிக்கு 35 என்று உள்ளபடி தந்தால் போதும், மிச்சத்தை அந்தப் பள்ளி பார்த்துக்கொள்ளும். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுவது நல்லது, 05/06 என்பதை அமெரிக்காவில் மே 6 என்று படிப்பார்கள்.

பெயரில்தான் எதிர்பாராத இழுபறி வரும். தமிழில் 'க' என்ற தலைப்பெழுத்து கந்தனுக்கும் உண்டு, கணேசனுக்கும் உண்டு. ஆங்கிலத்தில் ஒன்று 'கே', மற்றது 'ஜி'. 'த', 'ப', 'ச' எழுத்துகளுக்கும் இதே கதை. எனவே பிள்ளையின் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே பயன்படுத்தி, தமிழில் இருந்த தலைப்பெழுத்தை ஒரு குறிப்பாகச் சேர்த்துவிட வேண்டும்.

மொழிபெயர்ப்பை யார் செய்யலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவுக்குள் செய்தால் 'நாட்டி' என்ற அமைப்பின் சான்று பெற்றவரையே விசாத் துறை கேட்கிறது. நாட்டுக்கு வெளியே செய்பவருக்கு அந்தச் சான்று கட்டாயமில்லை. ஆனால் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண், அந்த மொழியில் தமக்குள்ள தகுதியும் அனுபவமும் ஒவ்வொரு மொழிபெயர்ப்பிலும் இருக்க வேண்டும். பிரிட்டனில், மூலத்துக்கு உண்மையான, பிழையற்ற மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழியும், தேதியும், மொழிபெயர்த்தவரின் பெயரும் தொடர்பு விவரமும் வேண்டும். பள்ளிகள் தனியாக விதி வைத்திருக்கலாம், பணம் கட்டுமுன் சேரப்போகும் பள்ளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாக ஆங்கிலம் தெரிந்திருந்தாலும் பெற்றோரோ உறவினரோ மொழிபெயர்க்காதிருப்பதே நல்லது. பிள்ளை சேர வேண்டும் என்ற ஆசை உள்ளவர் எழுதிய ஆங்கிலத்தை அங்கே ஐயத்தோடுதான் பார்ப்பார்கள்.

எவ்வளவு திறமையாகப் பெயர்த்தாலும் பத்துச் சொல்லில் இல்லாததை மொழிபெயர்ப்பு கொண்டுவர முடியாது. அதற்கு வழி, வகுப்பாசிரியரிடமே பள்ளியின் தலைப்புத்தாளில் ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்குவது. எந்தப் பாடத்தில் என்ன செய்ய முடிகிறது, எங்கே தடுமாறுகிறாள், வகுப்பில் எப்படி நடந்துகொள்கிறாள் என்று அவர் எழுதட்டும். தமிழில் எழுதினாலும் போதும், அதையும் சேர்த்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம். இதைக் கோடை விடுமுறைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்த ஆசிரியர் வேறு ஊருக்கு மாறுதலாகிப் போயிருக்கலாம்.