டவர் ஃபுல், நெட் மட்டும் சுத்துது

போன் திரையைப் படமெடுத்து யாருக்காவது அனுப்பும்போது, நாம் காட்ட நினைத்ததோடு இன்னொன்றும் சேர்ந்தே போகிறது. திரையின் தலைமாட்டில் ஓடும் மெல்லிய பட்டை அது. இடப்பக்கம் நேரமும் வந்திருக்கும் செய்திகளின் சின்னங்களும் இருக்கும். வலப்பக்கம் சிக்னல் கோடுகள், 4G போன்ற எழுத்துகள், பேட்டரி, நடுவே பெயர் தெரியாத சில உருவங்கள். “நெட் வரலை, என்னன்னு பாரு” என்று அனுப்பப்படும் ஸ்கிரீன்ஷாட்டில், காரணம் பெரும்பாலும் இந்தப் பட்டையிலேயே இருக்கும். இதைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: ஒவ்வொரு சின்னமும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. ஒன்றின் பதிலை இன்னொன்றின் பதிலாக எடுத்துக்கொள்ளும்போதுதான் குழப்பம் வருகிறது.

கோடுகள் சொல்வது எதை?

எல்லோரும் முதலில் பார்ப்பது சிக்னல் கோடுகளை. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அவைதான். டவர் இடைவிடாமல் ஓர் அடையாள அலையை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது உங்கள் போனுக்கு எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதைத்தான் கோடுகள் காட்டுகின்றன. அந்தப் பலத்தை dBm என்ற அளவில், கழித்தல் குறியோடு எழுதுவார்கள். 4G-யில் -85 என்றால் நல்ல சிக்னல், -115 என்றால் பலவீனம். பத்து எண் இறங்கினால் பலம் பத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே -85-க்கும் -115-க்கும் இடையே உள்ள வித்தியாசம் ஆயிரம் மடங்கு. அவ்வளவு பெரிய இடைவெளியை நான்கைந்து கோடுகளுக்குள் அடக்கித்தான் போன் நமக்குக் காட்டுகிறது.

எத்தனை dBm-க்கு எத்தனை கோடு என்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. 2010 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஒரு கடிதம் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஐபோன் 4-ஐ ஒரு குறிப்பிட்ட விதத்தில் பிடித்தால் கோடுகள் சட்டென்று இறங்குவதாகப் புகார்கள் குவிந்த நேரம். கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறு என்றும், பல நேரங்களில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடுகள் கூடுதலாகக் காட்டிவந்தோம் என்றும், முதல் ஐபோனிலிருந்தே இந்தப் பிழை இருக்கிறது என்றும் அந்தக் கடிதம் ஒப்புக்கொண்டது. பிறகு மென்பொருளில் சூத்திரத்தை மாற்றினார்கள். டவர் மாறவில்லை, அலையும் மாறவில்லை. ஆனாலும் பல இடங்களில் கோடுகள் குறைந்தன. எனவே இரண்டு வேறு நிறுவனப் போன்களைப் பக்கத்தில் வைத்துக் கோடுகளை எண்ணி ஒப்பிடுவதில் பயனில்லை. உண்மையான எண் வேண்டுமானால், பல ஆண்ட்ராய்டு போன்களில் Settings-க்குள் About phone, அதற்குள் SIM status என்று போனால் dBm கிடைக்கும்.

கோடுகள் சரியாகவே காட்டினாலும் அவை வேகத்தைச் சொல்வதில்லை. கோயில் ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்கிறது என்பதால் அன்னதான வரிசை குட்டையாக இருக்கும் என்று சொல்ல முடியுமா? டவர் பக்கத்திலேயே இருக்கலாம். அதே டவரைத் திருவிழாக் கூட்டம் முழுவதும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். அப்போது கோடுகள் நிறைந்திருக்கும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எழுத்து எந்தப் பாதை?

கோடுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து, போன் எந்தத் தலைமுறை இணைப்பில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. G, E இரண்டும் 2G காலத்தவை. E வந்துவிட்டால் வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், படம் திணறும். 3G, H, H+ மூன்றும் அடுத்த தலைமுறை. நம்மூர்ப் போன்களில் 4G என்றிருந்தாலும் LTE என்றிருந்தாலும் ஒன்றுதான். 4G+ என்றால், போன் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகளைச் சேர்த்து இழுக்கிறது. R என்றால் உங்கள் நிறுவனத்தின் டவரில் இல்லை, வேறொருவர் டவரில் ரோமிங்கில் இருக்கிறீர்கள்.

VoLTE அல்லது இரண்டு அடுக்காக எழுதிய Vo LTE பலருக்குப் புதிர். அது இணைய வேகத்தைப் பற்றியதே அல்ல. உங்கள் பேச்சும் 4G வழியாகவே போகும் என்பதுதான் அதன் பொருள். இது இல்லாத இணைப்பில் அழைப்பு வந்தால், போன் 4G-யை விட்டுப் பழைய பாதைக்கு இறங்கும். பேசிக்கொண்டிருக்கும்போது எழுத்து H அல்லது E ஆக மாறி, வைத்ததும் மீண்டும் 4G ஆவது அதனால்தான். 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபோது அதற்கு 2G, 3G டவர்களே இல்லை. அதனால் அதில் பேசுவதற்கு VoLTE கட்டாயமானது.

5G என்ற எழுத்தைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். இந்தியாவில் 5G 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. ஜியோ தனித்து நிற்கும் 5G-யைத் தேர்ந்தெடுத்தது. ஏர்டெல் 4G-யை அச்சாக வைத்து, அதன்மேல் 5G-யைச் சேர்க்கும் முறையில் தொடங்கியது. இந்த இரண்டாவது முறையில், “இங்கே 5G உண்டு” என்று 4G டவர் அறிவித்தாலே பல போன்கள் 5G என்று எழுதிவிடும். அந்த நொடியில் தரவு 4G வழியாகவே போய்க்கொண்டிருக்கலாம். அமெரிக்காவில் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். 2019-இன் தொடக்கத்தில் ஏடி அண்ட் டி நிறுவனம், மேம்பட்ட 4G-யில் இருந்த போன்களிலேயே 5G E என்ற எழுத்தைக் காட்டத் தொடங்கியது. போட்டி நிறுவனமான ஸ்பிரிண்ட் வழக்குத் தொடுத்தது. என்ன எழுத்தைக் காட்டுவது என்பதில் நிறுவனங்களின் விருப்பமும் கலந்திருக்கிறது என்பதற்கு இது சான்று.

வைஃபை இணைந்திருக்கும்போது பல போன்களில் இந்த எழுத்து மறைந்துவிடும். இரண்டு சிம் போட்டிருந்தால், இணையத்துக்குத் தேர்ந்தெடுத்த சிம்முக்கு மட்டுமே எழுத்து வரும். மற்றதில் வெறும் கோடுகள். இரண்டுமே கோளாறு அல்ல.

பெருக்கல் குறி, வியப்புக்குறி

சிக்னல் கோடுகளின் ஓரத்திலோ வைஃபை விசிறியின் ஓரத்திலோ சின்னதாக ஒரு x அல்லது ! தெரிந்தால், அது போன் செய்து பார்த்த ஒரு சோதனையின் முடிவு. ஆண்ட்ராய்டு போன் இணைப்பு கிடைத்ததும் கூகுளின் ஒரு முகவரிக்கு மிகச் சிறிய கோரிக்கை ஒன்றை அனுப்பும். அங்கிருந்து 204 என்ற எண்ணோடு வெற்றுப் பதில் வர வேண்டும். வந்தால் இணையம் இருக்கிறது. வராவிட்டால், டவரோ வைஃபை பெட்டியோ கைக்கெட்டியும் அதற்கு அப்பால் வழி இல்லை என்று பொருள். பிராட்பேண்ட் இணைப்பு அறுந்த வீட்டில் வைஃபை விசிறி முழுதாக இருந்தும் ! தெரிவது இதனால்தான். ரயில் நிலைய வைஃபை போல முதலில் எண்ணைப் பதிவு செய்யச் சொல்லும் இடங்களிலும், பதிவு முடியும்வரை இந்தக் குறி நிற்கும்.

சத்தமில்லாமல் தடுக்கும் மூன்று

பட்டையில் உள்ள பல உருவங்களால் தொல்லை இல்லை. அலாரக் கடிகாரம், ப்ளூடூத், N என்று தெரியும் NFC எல்லாம் அந்த வகை. இடப்பக்கம் தெரியும் சிறு புள்ளிகூட, “இன்னும் அறிவிப்புகள் உண்டு, இடமில்லை” என்பது மட்டுமே. ஆனால் மூன்று சின்னங்கள், எப்போதோ கைபட்டு இயங்கத் தொடங்கி, பிறகு “போன் கெட்டுப்போச்சு” என்ற முடிவுக்கு ஆளைக் கொண்டுவந்து விடும்.

வட்டத்துக்குள் கூட்டல் குறி இருந்தால் அது டேட்டா சேவர். திறந்து பார்க்காத செயலிகளுக்கு மொபைல் இணையத்தை அது நிறுத்திவைக்கும். செயலியைத் திறந்த பிறகுதான் செய்திகள் மொத்தமாகக் கொட்டுகின்றன என்றால் முதலில் இதைத் தேடுங்கள். சாவி உருவம் VPN. உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் வேறொரு செயலியின் வழியாகச் சுற்றிப் போகிறது. வங்கிச் செயலிகள் திறக்க மறுப்பதற்கும் வேகம் குறைவதற்கும் இது காரணமாகலாம். நீங்கள் VPN என்று எதையும் போடவில்லை என்றால், அண்மையில் நிறுவிய விளம்பரத் தடுப்புச் செயலி போன்ற ஒன்றைப் பாருங்கள். வட்டத்துக்குள் கழித்தல் குறியோ பிறைநிலவோ இருந்தால் தொந்தரவு செய்யாதே நிலை. அழைப்பு வரும், ஒலி வராது.

ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் படிப்போம்

வாட்ஸ்அப்பில் படம் இறங்கவில்லை என்று ஒருவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேரம் இரவு 9:15. முதல் சிம்மில் கோடுகள் நிறைவு, பக்கத்தில் 4G, கீழ்நோக்கிய சிறு அம்பு. இரண்டாம் சிம்மில் எழுத்தில்லாத கோடுகள். Vo LTE உண்டு. 6.8 KB/s என்று ஓர் எண். x இல்லை, சாவி இல்லை, கூட்டல் வட்டம் இல்லை.

கோடுகள் நிறைந்திருப்பதால் சிக்னலைக் குறை சொல்ல முடியாது. 4G இருப்பதால் பழைய பாதைக்கு இறங்கவில்லை. x இல்லாததால் இணைய வழி திறந்திருக்கிறது. அம்பு, ஏதோ இறங்கிக்கொண்டிருக்கிறது என்கிறது. மிஞ்சியிருக்கும் தடயம் அந்த எண். நாளொன்றுக்கு 1.5 ஜிபி போன்ற திட்டங்களில் அன்றைய அளவு தீர்ந்தால் வேகத்தை 64 kbps-க்கு இறக்கிவிடுவது நம் நாட்டில் பரவலான வழக்கம். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 64 kbps என்பது நொடிக்கு 8 KB. திரையில் தெரியும் 6.8 அதற்குச் சற்றுக் கீழே. இந்த வேகத்தில் 2 எம்பி படம் ஒன்று இறங்க ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். சோதனைக்கு வரும் வெற்றுப் பதில் மிகச் சிறியது என்பதால் அது தடையின்றி வந்துவிடும், x தோன்றாது. எழுத்தும் 4G-யாகவே நிற்கும்.

கூட்ட நெரிசலாகவும் இருக்கலாமே என்று கேட்கலாம். அப்படியானால் அந்த எண் ஒரு நொடி 3, அடுத்த நொடி 90 என்று தாவும். எட்டைத் தாண்டாமல் அதன் கீழேயே நின்றால், அது யாரோ வைத்த உச்சவரம்பு. ஒரே படம் இதைக் காட்டாது. சில நொடி இடைவெளியில் மூன்று எடுத்தால் தெரிந்துவிடும். நிறுவனம் அனுப்பிய “இன்றைய டேட்டா முடிந்தது” குறுஞ்செய்தி பெட்டியில் இருந்தால் முடிவு உறுதி. கூடுதல் டேட்டாவுக்கு ரீசார்ஜ் செய்யலாம், அல்லது நள்ளிரவு கடந்து புதிய நாளின் கணக்கு தொடங்கும்வரை காத்திருக்கலாம்.

உதவி கேட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புபவர்கள் இரண்டு வேலை செய்தால் போதும். பிரச்சினை மொபைல் இணையத்தில் என்றால், வைஃபையை நிறுத்திவிட்டு எடுங்கள். மறைந்திருந்த எழுத்து தெரியும். பிறகு திரையை மேலிருந்து கீழே முழுதாக இழுத்து இன்னொன்று எடுங்கள். அங்கே இயங்கிக்கொண்டிருக்கும் கட்டங்கள் நிறம் மாறித் தெரியும், பெரும்பாலானவற்றின் பெயரும் எழுதியிருக்கும். சிம் நிறுவனத்தின் பெயரும் பல போன்களில் அங்கே இருக்கும். கீழே வரிசையாக இருக்கும் வங்கிச் செய்திகளையும் OTP எண்களையும் மட்டும் அனுப்புவதற்கு முன் வெட்டிவிடுங்கள்.