மழை விட்ட தெருவைத் திரையில் கொண்டுவருவது எப்படி?

போடிநாயக்கனூரில் மழை விட்டதும் தார்ச்சாலை கறுத்துப் பளபளக்கும். தேங்கிய தண்ணீரில் மட்டும் கடைவிளக்கு தெளிவாகத் தெரியும். இதை வீடியோ கேமில் காட்டும் ஷேடருக்கு, எங்கே எவ்வளவு ஈரம் என்று சொல்லும் மாஸ்க் படம் தேவை: கறுப்பு காய்ந்த இடம், சாம்பல் ஈரம், வெள்ளை குட்டை.

தாரின் நுண்துளைகளில் நீர் நிறைந்தால், உள்ளே போன ஒளி சுலபமாக வெளியே வராது. அதனால் ஈரமான இடத்தில் நிறத்தை ஏறக்குறைய பாதியாக்க வேண்டும். இரும்பு மூடியில் துளை கிடையாது. அதைக் கறுக்கவிடக் கூடாது. சொரசொரப்பு, உதாரணமாக, காய்ந்த இடத்தில் 0.9, ஈரத்தில் 0.4, குட்டையில் 0.05.

அப்புறமும் விளக்கின் பிம்பம் உடைஞ்சு உடைஞ்சு தெரியுதா? தண்ணீருக்கு அடியில் கிடக்கும் ஜல்லியின் மேடுபள்ளத்தை ஷேடர் இன்னும் கணக்கில் எடுக்கிறது என்று அர்த்தம். மாஸ்க் வெள்ளையாக உள்ள இடத்தில் அந்த மேடுபள்ளத்தை மட்டமாக்கினால் பிம்பம் முழுசாக விழும்.